பல் கிட்டிய வாயை நெம்பாதீர்கள்

வாசகர் கேள்வி

டாக்டர், நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வாரம் பாடம் நடக்கும்போது ஒரு பையன் திடீரென்று அலறிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் விழுந்தான். உடம்பு விறைத்தது, அப்புறம் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் பெஞ்சை நகர்த்தி, ஒரு ஸ்வெட்டரை மடித்து அவன் தலைக்கடியில் வைத்துவிட்டு மணி பார்த்தேன். அதற்குள் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்து, நாக்கை விழுங்கிவிடுவான் என்று ஒரு ஸ்பூன் காம்பை வாயில் நுழைத்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்து ரத்தம் வந்தது. இரண்டு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்தார்கள். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், வலிப்பு நின்றது. உடனே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம், புரையேறி இருமினான். இப்போது எல்லாரும் என்னைத்தான் சொல்கிறார்கள், மரம் மாதிரி நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. நான் செய்தது தப்பா? இன்னொன்று, எங்கள் ஆசிரியை ஒருவர் தனக்கும் வலிப்பு உண்டு என்று இப்போதுதான் என்னிடம் சொன்னார். சில சமயம் அவர் பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தபடி இருப்பார். அவருக்கு அப்படி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்

தப்பே இல்லை, டீச்சர். அந்த அறையில் அன்றைக்கு அந்தப் பையனுக்கு உதவிய காரியங்கள் மூன்றுதான், மூன்றும் நீங்கள் செய்தவை. நாலாவதாக ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் அவசரமான ஒரு கேள்வி: உடைந்த பல் துண்டு கிடைத்ததா?

அது கையில் கிடைத்திருந்தால் பல் டாக்டரிடம் எடுத்துப் போகச் சொல்லுங்கள், சில சமயம் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும். கிடைக்கவில்லை என்றால் பெற்றோரிடம் இன்றே பேசுங்கள். வயிற்றுக்குள் போயிருந்தால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் நாள்கணக்கில் விடாத இருமல், ஒரு பக்கம் விசில் மாதிரிச் சத்தம், அப்புறம் காய்ச்சல் என்று காட்டும். அன்று புரையேறி வேறு இருமியிருக்கிறான், அதனால் இருமல் இல்லாவிட்டாலும் நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பல் எக்ஸ்ரேயில் தெரியும்.

இனி அந்த இரண்டு நிமிடத்துக்கு வருவோம். உங்களைக் குறை சொல்கிறவர்கள் எல்லாரும் வெளியில் இருந்து பார்த்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்தால், எது ஏன் கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அலறல் என்றீர்களே, அது வலியாலோ பயத்தாலோ வந்த கத்தல் இல்லை. மூளையின் நரம்பு அணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறி மின்னோட்டம் விடும்போது உடம்பின் எல்லாத் தசையும் ஒன்றாக இறுகுகிறது. நெஞ்சுத் தசையும் சேர்ந்து இறுகுவதால் உள்ளே இருக்கும் காற்று இறுகிய குரல்வளை வழியாகப் பிதுங்கி வெளியே வருகிறது, அந்தச் சத்தம்தான் அது. அந்த நொடியிலேயே அவனுக்கு நினைவு இல்லை. அடுத்த பத்து இருபது நொடி விறைப்பு, பல் கிட்டிக்கொள்கிறது, மூச்சு சரியாக நடக்காது, உதடு நீலம் பாரிக்கும். பார்க்கிறவர்களுக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். அப்புறம் வெட்டி வெட்டி இழுக்கும் கட்டம். முதலில் வேகமாக, போகப்போக இடைவெளி விட்டு, கடைசியில் ஒரு பெரிய வெட்டலோடு நின்று உடம்பு துவண்டுபோகும். பெரும்பாலான வலிப்பு மொத்தமாக ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. யாரும் நிறுத்துவதில்லை, மூளையே தன்னை அடக்கிக்கொள்கிறது.

சாவிக்கொத்துக்குப் பெயர் கிடைத்தது இதனால்தான். ஒருவர் சாவி தேடி ஓடி, கொண்டுவந்து, இறுகிய விரலைப் பிரித்துத் திணிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது. வலிப்பு நிற்பதும் அதே நேரத்தில். தேடிப் போனவர் பேனாவைக் கொண்டுவந்திருந்தாலும் அப்போதுதான் நின்றிருக்கும். சாவியில் மருந்து எதுவும் இல்லை, விரலில் கீறல் விழ வாய்ப்பு மட்டும் உண்டு. முகத்தில் தண்ணீர் அடிப்பது, கன்னத்தில் தட்டுவது, மூக்கில் எதையாவது முகரக் கொடுப்பது எல்லாம் இதே கணக்குதான்.

வாய்க்குள் எதுவும் வேண்டாம்

நாக்கை விழுங்கவே முடியாது. அது வாயின் அடித்தளத்தோடு சேர்ந்து வேர் விட்ட மாதிரி இருக்கும் தசை. கடிபடும் என்பது உண்மைதான், பெரும்பாலும் நாக்கின் பக்கவாட்டில்தான் கடிபடும். ஆனால் பல் முதலில் கிட்டும் அந்த நொடியிலேயே அது நடந்துவிடுகிறது. நீங்கள் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே முடிந்துபோன காரியம். அதற்குப் பிறகு ஸ்பூனை நுழைத்து எதைக் காப்பாற்றப் போகிறோம்? நாக்குக் காயம் சில நாளில் ஆறிவிடும். பல் முளைக்காது.

தாடைத் தசை உடம்பிலேயே பலமானவற்றில் ஒன்று. வலிப்பில் அது முழு பலத்தோடு இறுகியிருக்கும்போது இரும்புக் காம்பால் நெம்பினால் ஏதாவது ஒன்று உடையும், இல்லாவிட்டால் தாடை மூட்டு நழுவும். துணியைத் திணித்தால் மூச்சு அடைக்கும், தொண்டை வரை போனால் வாந்தி வரும், அந்த வாந்தி நுரையீரலுக்குள் போகும். விரல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். மகனுக்கு வலிப்பு வந்து அழைத்துவந்த ஒரு அப்பா, பையன் எழுந்து உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, தன் ஆள்காட்டி விரலில் தையல் போடக் காத்திருந்தார். எலும்பு தெரியும் அளவுக்குக் கடி. பையனுக்கு அது நினைவே இல்லை, கட்டைப் பார்த்துவிட்டு அழுதான்.

ஆனாலும் அந்தப் பயத்துக்குள் ஒரு சின்ன உண்மை ஒளிந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் சக ஆசிரியரை நான் பாதிதான் திருத்தியவன் ஆவேன். வலிப்பு நின்று உடம்பு துவண்ட பிறகு, மல்லாந்து கிடந்தால், தளர்ந்த நாக்கு பின்பக்கமாகச் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கலாம். எச்சிலும் ரத்தமும் தொண்டையில் தேங்கும். அதாவது ஆபத்து இருக்கிறது, ஆனால் பல் கிட்டியிருக்கும்போது இல்லை, பல் விட்ட பிறகு. அதற்கு மருந்து ஸ்பூன் இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைப்பது. நாலாவது என்று சொன்னேனே, அது இதுதான்.

எப்படி என்றால், பையனின் ஒரு பக்கமாக முட்டி போட்டு உட்காருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் கையைத் தலைக்கு மேற்பக்கமாக விலக்கி வையுங்கள். தூரத்தில் இருக்கும் முழங்காலை மடக்கி, அந்த முழங்காலையும் தோளையும் பிடித்து உங்களை நோக்கி உருட்டினால் பாரம் இல்லாமல் திரும்பிவிடுவான். முகத்தைக் கொஞ்சம் தரையை நோக்கிச் சாய்த்து, தாடையை லேசாகத் தூக்கி வையுங்கள். கடைவாயிலிருந்து நுரை தானாக வெளியே வழியும். வலப்பக்கமா இடப்பக்கமா என்று யோசித்து நேரம் போக்க வேண்டாம், எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம். இழுக்கும்போதே சுலபமாகத் திரும்பினால் திருப்பலாம், முரண்டினால் விட்டுவிட்டு இழுப்பு அடங்கியதும் உடனே திருப்புங்கள். கழுத்துப்பட்டை, டை, மேல் பொத்தான் இருந்தால் தளர்த்துங்கள், கண்ணாடியைக் கழற்றி வையுங்கள்.

கைகாலை அமுக்க வேண்டாம்

அமுக்கினால் வலிப்பு குறையாது. அது மூளையில் நடக்கிறது, கையில் இல்லை. தசை ஒரு பக்கம் இழுக்க நாம் எதிர்ப்பக்கம் இழுத்தால் தோள் மூட்டு நழுவலாம், எலும்பு முறியலாம். பையன் இப்போது எந்தக் கையையாவது தூக்க முடியவில்லை, தோள் வலிக்கிறது என்று சொன்னால் அசதி என்று விட்டுவிடாதீர்கள், தோளுக்கும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வலிப்பில் தோள் பின்பக்கமாக நழுவினால் மேலோட்டமாகப் பார்த்துத் தெரியாது, தவறவிடுவது எளிது.

பிடிக்க வேண்டியது ஆளை இல்லை, சுற்றி இருப்பதை. பெஞ்சை நகர்த்தினீர்களே, அதுதான். நீர்நிலை, மாடிப்படி விளிம்பு, வாகனம் ஓடும் பாதை, நெருப்பு என்று நகர்த்த முடியாத ஆபத்து பக்கத்தில் இருந்தால் மட்டும் ஆளை நகர்த்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் கீழே இறக்காமல், சக்கரத்தைப் பூட்டி, தலையைத் தாங்கிக்கொண்டால் போதும்.

வாட்ச் ஏன் முக்கியம்

உங்களைக் கேலி செய்ததே இதற்காகத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வலிப்பு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். என்னிடம் "அரை மணி நேரம் இழுத்தது" என்று சொல்லி வருகிறவர்களிடம் வீடியோ இருந்து பார்த்தால் பல சமயம் இரண்டு நிமிடம்தான் இருக்கும். ஆனால் முடிவு எடுப்பது முழுக்க அந்த நேரத்தை வைத்துத்தான். கைகால் இழுப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அது தானாக நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, அதை நாங்கள் தொடர் வலிப்பு என்ற அவசர நிலையாக எடுத்துக்கொள்கிறோம். அரை மணி நேரம் நீடித்தால் மூளைக்கு நிலையான பாதிப்பு வரக்கூடும். ஐந்தாவது நிமிடத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால்தான் அதற்கு முன்பே மருந்து உள்ளே போகும்.

நேரம் ஆகாவிட்டாலும் உடனே கூப்பிட வேண்டியவை சில உண்டு. வாழ்க்கையில் முதல் வலிப்பு, அல்லது இவருக்கு முன்பு வந்திருக்கிறதா என்றே தெரியவில்லை. நினைவு திரும்பும் முன்பே இரண்டாவது வலிப்பு. தலையில் பலமான அடி. தண்ணீருக்குள் வந்த வலிப்பு. கர்ப்பிணி, அல்லது சர்க்கரை நோய் உள்ளவர். இவற்றில் எதுவும் இல்லாமல், ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு வழக்கம்போல் இரண்டு நிமிடம் வந்து வழக்கம்போல் தெளிந்தால், ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

மூச்சைப் பற்றித் தனியாக ஒன்று. இழுக்கும்போது மூச்சு முட்டுவது எதிர்பார்த்ததுதான், அப்போது நெஞ்சை அமுக்கவோ வாயில் ஊதவோ கூடாது. இழுப்பு நின்றதும் குறட்டை மாதிரி ஆழமாக மூச்சு வாங்கும், உதட்டின் நீலம் மெல்ல மாறும். அப்படி வரவில்லை, மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒரு தடவை வாயைப் பிளந்து திணறுகிறார் என்றால் அது வேறு கதை. இதயம் நின்றாலும் ஆரம்பத்தில் சில நொடி உடம்பு வெட்டும், அதை வலிப்பு என்று நினைத்து ஒருக்களித்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்ஸ், உடனே நெஞ்சை அமுக்கும் முதலுதவி.

சில பிள்ளைகளுக்கு டாக்டர் மிடாசோலம் என்ற அவசர மருந்தை எழுதிக் கொடுத்திருப்பார். மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக இருக்கும், அல்லது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விடும் திரவமாக இருக்கும். வாய்க்குள் எதுவும் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு. அதுவும் அந்தப் பிள்ளைக்கென்று எழுதிய அளவு, எழுதிய நேரம், அதைக் கொடுக்கப் பழகிய கை, மூன்றும் இருந்தால் மட்டும். கொடுத்த பிறகு மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பிள்ளையின் மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

நின்ற பிறகு

அன்று பெரிய தவறு நடந்தது, என்னைக் கேட்டால், இந்தக் கட்டத்தில்தான். இழுப்பு நின்றதும் எல்லாருக்கும் முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடுகிறது. பையனுக்கு இன்னும் முடியவில்லை. கண் திறந்திருக்கும், உட்காரவைத்தால் உட்காருவான், ஆனால் விழுங்கத் தெரியாது. அதனால்தான் புரையேறியது. பத்து நிமிடம், அரை மணி, சிலருக்கு அதற்கு மேலும் இந்த மயக்கம் இருக்கும். அதுவரை தண்ணீர், சாப்பாடு, மாத்திரை எதுவும் கூடாது, காலையில் விட்டுப்போன வலிப்பு மாத்திரையாக இருந்தாலும் சரி. உங்க பேர் என்ன, இப்ப எங்க இருக்கோம், இது என்ன கிழமை என்று கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வந்த பிறகு ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் குழப்பத்தில் எழுந்து ஓடப் பார்த்தால் கட்டிப் பிடிக்காதீர்கள், பிடித்தால் பயந்து அடிக்கவும் செய்வார்கள், வேண்டுமென்று இல்லை. வழியை மறித்து நின்று, பெயரைச் சொல்லி மெதுவாகப் பேசினால் போதும். சிறுநீர் போயிருக்கலாம், ஒரு துணியால் மூடுங்கள். மற்ற பிள்ளைகளை ஆரம்பத்திலேயே வெளியே அனுப்பிவிடுவது இதற்காகவும்தான். அவன் கண் விழிக்கும்போது நாற்பது முகம் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு முகம் போதும், உங்கள் முகம். திரும்பி வந்த பிள்ளைகளிடம், இது ஒட்டாது, நுரை பட்டாலும் ஒட்டாது என்று ஒரு வரி சொல்லுங்கள்.

உங்கள் சக ஆசிரியைக்கு

இதுவும் வலிப்புதான், ஆனால் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது. விழமாட்டார். பேச்சு நடுவில் அறும், பார்வை நிலைக்கும், வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசையும், விரல் பொத்தானையோ புடவை நுனியையோ நிமிண்டிக்கொண்டிருக்கும், சிலர் எழுந்து நடக்கவும் செய்வார்கள். ஒன்றிரண்டு நிமிடம். கேட்டால் நினைவு இருக்காது. குடித்திருக்கிறார், திமிராகப் பதில் சொல்லாமல் இருக்கிறார் என்று தவறாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

உலுக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கூடவே இருங்கள், கையில் சூடான டம்ளர் இருந்தால் மெல்ல வாங்கி வையுங்கள், படிக்கட்டுப் பக்கம் நடந்தால் நீங்கள் அந்தப் பக்கமாகப் போய் நின்று தோளை லேசாகத் தொட்டு வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். இங்கேயும் மணி பாருங்கள். அவருக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் என்று முன்பே கேட்டு வைத்திருந்தால், அதற்கு மேல் போவது உடனே தெரியும். வழக்கமான அளவு தெரியாவிட்டால் இதற்கும் ஐந்து நிமிடம்தான் எல்லை. கைகால் இழுப்பாக மாறினால் மேலே சொன்னது அத்தனையும்.

அவரிடம் இன்னும் இரண்டு கேளுங்கள்: வருவதற்கு முன் வயிற்றைப் பிசைவது, ஏதோ நாற்றம் அடிப்பது போல முன்னறிகுறி ஏதும் உண்டா, வேறு யாருக்குத் தெரியலாம். இரண்டாவதற்கு அவர் "உங்களைத் தவிர யாருக்கும் வேண்டாம்" என்றால் அது அவர் முடிவு. நீங்கள் இல்லாத நாளில் யார் இருப்பார்கள் என்பதை மட்டும் யோசிக்கச் சொல்லுங்கள்.

பையனின் பெற்றோருக்கு நீங்கள் பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், விழும் முன் அவன் என்ன செய்துகொண்டிருந்தான், தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா, இழுப்பு ஒரு கையில் தொடங்கிப் பரவியதா, எப்போது சரியாகப் பேசினான். அங்கே இருந்தவர்களில் அதை எழுதக்கூடியவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் ஒருவர்தான், அவனுடைய டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அந்தத் தாளைத்தான்.